தைரொயிட் பரிசோதனை: விழுங்கும்போது ஏறுகிறது சரி, இந்த ஓசை எங்கிருந்து வருகிறது?

பாலைமரம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்ன வைத்தியசாலையில் இருக்கிறேன். ஸ்கான் இங்கே இல்லை. இரத்தம் எடுத்து அனுப்பினால் ரிஎஸ்எச் முடிவு வர நாளெடுக்கும். அதனால் கையும் காதும்தான் மிச்சம்.

நோயாளி 43 வயது அம்மா, ஒட்டுசுட்டான் பக்கம், வயல் வேலை. நெஞ்சு படபடப்பு என்று ஓபிடிக்கு வந்தவர். சாப்பாடு நல்லாய்ச் சாப்பிடுகிறார், ஆனால் சட்டை தொளதொளக்கிறது என்கிறார். சும்மா இருக்கும்போதே நாடி 112, கையை நீட்டச் சொன்னால் விரல் நுனி நடுங்குகிறது. கழுத்தின் அடிப்பகுதி கொஞ்சம் நிறைந்த மாதிரித் தெரிந்தது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னேன், அந்த நிறைவு மேலே ஏறி இறங்கியது. பின்னால் நின்று தொட்டபோது இரண்டு பக்கமும் மெத்தென்று, ஒழுங்காக, கட்டி என்று தனியாக ஒன்றும் இல்லை. இவ்வளவு வரைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

பிரச்சினை மூன்று இடத்தில். இடப்பக்க மடலின் கீழ் விளிம்பு எனக்குப் பிடிபடவில்லை, அவருக்குக் கழுத்தும் கட்டை. அடுத்தது, வலப்பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒரு "ஸ்ஸ்" ஓசை கேட்கிறது. அது தைரொயிட்டில் இரத்தம் பாயும் ப்ரூயி ஓசையா, கரோட்டிட் நாடியா, வேறேதுமா என்று முடிவெடுக்க முடியவில்லை. மூன்றாவது, இடது தாடை மூலைக்குக் கீழே பயற்றங்கொட்டை அளவில் ஒரு நெறி. மருத்துவ நிபுணரின் கிளினிக் அடுத்த கிழமைதான். அதற்குள் நான் திரும்பவும் ஒருமுறை பார்க்கப் போகிறேன், எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

ஏ9_பயணி

இறுதி வருடம் படிக்கிறேன். விழுங்கும்போது ஏறினால் அது தைரொயிட்தான், வேறொன்றும் அப்படி ஏறாது. ஓசையும் கேட்டால் கிரேவ்ஸ் நோய், முடிந்தது. கீழ் விளிம்பு பிடிபடாவிட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், விரல் நுனியால் ஆழமாகப் போக வேண்டும். அளவுக்கு உங்கள் பெருவிரலின் நுனித்துண்டோடு ஒப்பிடுங்கள், அதைவிட மடல் பெரிதென்றால் கழலை.

ஆனையிறவு

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கிளிநொச்சிக்கு அனுப்பி ஒரு ஸ்கான் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கழுத்தைத் தடவிக் கண்டுபிடித்ததெல்லாம் அந்தக் காலம்.

மிஸ்ஸிஅக்கா

ஆனையிறவு, ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வயல் வேலைக்காரி கிளிநொச்சிக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. போகத்தான் வேண்டுமென்றால் போகட்டும், ஆனால் ஏன் போகிறார் என்று அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

பாலைமரம், நான் டொக்டர் இல்லை, கிளினிக்கில் நீண்ட காலம் நின்றவள். டொக்டர்மார் தொடுவதற்கு முன்னமே பாதி கெட்டுப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆளை முதுகு சாயாத கதிரையில் இருத்துங்கள், பின்னால் நீங்கள் நிற்க இடம் வேண்டும். சுவரோடு ஒட்டின வாங்கில் இருத்திவிட்டு எட்டி எட்டித் தொடக் கூடாது. சேலைத் தலைப்பையும் சட்டைக் கழுத்தையும் காறை எலும்பு தெரியும் வரைக்கும் இறக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் கதவுத் திரையை மூடிவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், கழற்ற மாட்டார்கள். தூக்கிப் பின்பக்கம் முதுகில் போட்டால் போதும், சங்கிலி ஸ்டெதஸ்கோப்பில் உரசுகிற சத்தமும் வராது.

தண்ணீர் ஒரு கிளாஸ் நிறைய வேண்டும். வெறும் வாயை விழுங்கச் சொன்னால் ஒரு தரம், இரண்டு தரம் விழுங்குவார்கள், மூன்றாம் தரம் வாய் வரண்டு திணறுவார்கள். ஒரு மிடறு வாயில் வைத்திருக்கச் சொல்லுங்கள், நீங்கள் தயாரான பிறகு "இப்ப விழுங்குங்கோ" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் விழுங்கி முடித்த பிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள்.

குளக்கட்டு

மிஸ்ஸிஅக்கா சொன்னதில் எனக்குச் சேர்க்க ஒன்றே ஒன்றுதான், வெளிச்சம். ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கும்படி கதிரையைத் திருப்புங்கள். நேரே முகத்தில் வெளிச்சம் அடித்தால் கழுத்து தட்டையாகத் தெரியும், பக்கத்திலிருந்து சரிந்து விழுந்தால் சின்ன மேடும் நிழல் போடும். ஜன்னல் இல்லாத அறையென்றால் ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

முன்னால் பார்த்த பிறகு கட்டாயம் பக்கத்திலிருந்தும் பாருங்கள், பலர் இதைச் செய்வதில்லை. குரல்வளைக்குக் கீழே கிரிகொயிட் வளையத்திலிருந்து மார்பெலும்புக் குழி வரைக்கும் உள்ள கோடு சாதாரணமாக நேராகவோ கொஞ்சம் உள்வாங்கியோ இருக்கும். அது வெளியே வளைந்து தள்ளி நின்றால், தொடுவதற்கு முன்னமே சந்தேகப்படலாம். தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தால் மேடு தெளிவாகும், ஆனால் அண்ணாந்து கூரையைப் பார்க்கிற அளவுக்குச் சாய்த்தால் தோல் இழுபட்டு எல்லாம் மறைந்துவிடும், விழுங்கவும் முடியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். நீண்ட மெல்லிய கழுத்துள்ள இளம்பெண்களில் சாதாரண சுரப்பியே மேடாகத் தெரியும். கட்டைக் கழுத்தில் தோலுக்குக் கீழே கொழுப்பு மடிப்பும் கழலை மாதிரி ஏமாற்றும். அந்த மடிப்பு விழுங்கும்போது ஏறாது என்பதுதான் வித்தியாசம்.

இப்போது ஏ9_பயணிக்கு. தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. தைரொயிட் ஏன் ஏறுகிறது? மூச்சுக்குழாய்க்கு முன்னாலுள்ள உறையும் நார்களும் அதைக் குரல்வளையோடும் மூச்சுக்குழாயோடும் பிணைத்திருக்கின்றன, விழுங்கும்போது குரல்வளை மேலே போகிறது, சுரப்பியும் கூடவே போகிறது. அப்படியென்றால் குரல்வளையோடு பிணைந்த எதுவும் ஏறத்தான் செய்யும். நடுக்கோட்டில் இருக்கும் தைரோகுளோசல் நீர்க்கட்டி ஏறும், மூச்சுக்குழாய்க்கு முன்னால் ஒட்டிக் கிடக்கும் நிணநீர்க்கணுவும் ஏறும். நீர்க்கட்டியென்றால் வாயைத் திறந்தபடி நாக்கை நீட்டச் சொல்லுங்கள், அது வெடுக்கென்று மேலே இழுபடும், தைரொயிட் கட்டி அப்படிச் செய்யாது.

மறுபக்கமும் இருக்கிறது. ஏறாவிட்டால் தைரொயிட் இல்லை என்றும் சொல்ல முடியாது. சுற்றியுள்ள தசையில் ஊடுருவி ஒட்டிப்போன புற்றுநோய் ஏறாது. மார்பெலும்புக்குப் பின்னால் இறுகிக் கிடக்கும் மிகப் பெரிய கழலையும் சில வேளை அசையாது. "அசையவில்லை" என்று எழுதினால் அது பயப்பட வேண்டிய வரி.

பெருவிரல் கதையும் அரைகுறை. ஒப்பிட வேண்டியது நோயாளியின் பெருவிரல் நுனித்துண்டோடு, உங்களுடையதோடு இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தை உங்கள் பெருவிரலால் அளந்தால் ஒருவருக்கும் கழலை இராது. உலக சுகாதார நிறுவனத்தின் தரப்படுத்தலில் தொட்டும் பார்த்தும் ஒன்றுமில்லையென்றால் 0, தொட்டால் பெரிதாகத் தெரிந்து, கழுத்து சாதாரண நிலையில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாவிட்டால் 1, சாதாரண நிலையிலேயே கண்ணுக்குத் தெரிந்தால் 2. பாலைமரம் தலையைச் சாய்க்காமலே பார்த்தாரென்றால் அந்த அம்மாவுக்கு 2.

ஏ9_பயணி

சரி டொக்டர், நோயாளியின் பெருவிரல் என்பது எனக்குத் தெரியாது, விட்டுவிட்டேன். ஆனால் அழுத்தும் விஷயம்? மெதுவாகத் தொட்டால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

குளக்கட்டு

அழுத்தினால் தெரிவது குருத்தெலும்பு. அதற்கு மேல் நோயாளி இருமுவார், கழுத்தை இறுக்குவார், பக்கவாட்டுத் தசை கயிறு மாதிரி எழும்பும், அதைக் கழலை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்களில் இரண்டு பக்கமும் சேர்த்து மேலே அழுத்தினால் கரோட்டிட்டை நெரித்து மயக்கம் போட வைக்கலாம்.

பின்னால் நின்று செய்வதைச் சொல்கிறேன். தலையைச் சாய்த்து வைத்திருந்தால் இப்போது நேராக்கி, இன்னும் கொஞ்சம் முன்னே குனியச் சொல்லுங்கள், தசை தளரும். குரல்வளையின் மேட்டில் விரலை வைத்துக் கீழே வழுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு சின்னப் பள்ளம், அடுத்து கெட்டியான வளையம், அதுதான் கிரிகொயிட். பெண்களில் குரல்வளை மேடு தெரியாவிட்டால் மார்பெலும்புக் குழியிலிருந்து மேலே ஏறி வாருங்கள், மூச்சுக்குழாய் வளையங்களைத் தாண்டி முதலில் கிடைக்கும் பெரிய வளையம் கிரிகொயிட். அதற்குக் கீழே மூச்சுக்குழாயின் இரண்டாவது முதல் நான்காவது வளையம் வரைக்கும் சுரப்பியின் நடுப்பாலம் படுத்திருக்கும். வளையங்கள் நேரே விரலில் தட்டுப்படாமல் இடையில் மெத்தென்று ஒன்று வந்து மறைத்தால், நீங்கள் பாலத்தில் நிற்கிறீர்கள். நேரே மடலைத் தேடுகிறவர்கள் பல நேரம் அதற்கு மேலேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

பாலம் கிடைத்த பிறகு ஒவ்வொரு பக்கமாகப் போங்கள். வலது மடலுக்கு, நோயாளி முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கமே திருப்பட்டும், அந்தப் பக்கத் தசை தளரும். உங்கள் இடது கை விரல்கள் மூச்சுக்குழாயை இடப்பக்கத்திலிருந்து மெல்ல வலப்பக்கம் தள்ளட்டும், மடல் வெளியே வந்து வலது கை விரல்களில் ஏறும். விரல் நுனியை விடுங்கள், உள்ளங்கைப் பக்கச் சதைதான் உணரும். விரலை வைத்துக்கொண்டு காத்திருங்கள், அசைவதை நோயாளி பார்த்துக்கொள்வார். விழுங்கும்போது மடல் உங்கள் விரலுக்கடியில் மேலே வழுக்கிப் போய்த் திரும்பி வரும். அந்த ஒரு வினாடியில் அதன் பரப்பு, உறுதி, கட்டி எல்லாம் விரலைக் கடந்து போகும். நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

கீழ் விளிம்பும் அப்படித்தான் பிடிபடும். விழுங்கி மேலே ஏறும் உச்சியில் விரலை மடலுக்குக் கீழே நுழைக்கப் பாருங்கள். நுழைந்தால் சுரப்பி அங்கே முடிகிறது. உச்சியிலும் நுழைய முடியாவிட்டால் அது மார்புக்குள் இறங்கியிருக்கலாம். அப்போது இரண்டு கையையும் காதோடு ஒட்ட மேலே தூக்கி ஒரு நிமிடம் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். முகம் சிவந்து நீலம் பாய்ந்து கழுத்து நரம்பு புடைத்தால், மூச்சில் இரைச்சல் வந்தால், மார்பு வாசலில் சுரப்பி அடைத்துக்கொண்டிருக்கிறது. 1946 இல் பெம்பேர்ட்டன் எழுதிய அறிகுறி இது. வந்தவுடனே கையை இறக்கச் சொல்லுங்கள், நிமிடம் நிரம்பட்டும் என்று நிற்க வேண்டாம்.

வற்றாப்பளை

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். என்ர அம்மாவுக்கு இருபது வருடத்துக்கு மேலாகக் கழுத்தில் கட்டி இருக்கிறது, நோவில்லை. ஊரில் எல்லாரும் உப்புக் குறைவு என்றார்கள், அதனால் அயடீன் உப்பைக் கூடப் போட்டுத்தான் சமைக்கிறோம். இப்போது இரண்டு மூன்று மாதமாகக் குரல் அடைத்த மாதிரி, தடிமன் இல்லை. நீங்கள் சொன்ன மாதிரி நான் பின்னால் நின்று பார்த்தேன், விழுங்கினால் ஏறுகிறது. அப்படியென்றால் பிரச்சினை இல்லைத்தானே? இன்னும் உப்பைக் கூட்டவா?

குளக்கட்டு

பிள்ளை, உப்பைக் கூட்ட வேண்டாம். ஏறுகிறது என்பது கட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், நல்லதா கெட்டதா என்று சொல்லாது. இலங்கையில் 1995 இலிருந்து உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம், கடையில் வாங்கும் உப்பைச் சாதாரண அளவில் போட்டாலே போதும். பழைய காலத்தில் அயடீன் குறைவுக் கழலை அதிகம் கண்டதும் தென்மேற்கு ஈரவலயத்தில்தான், நம்முடைய பக்கத்தில் அவ்வளவாக இல்லை. வருடக்கணக்கான முடிச்சுக் கழலையில் திடீரென்று அயடீனைக் கூட்டினால் சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்யத் தொடங்கவும் கூடும்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது குரல். பழைய கட்டியோடு புதிதாகக் குரல் அடைத்து மாதக்கணக்கில் இருந்தால், குரல்நாண் நரம்பைக் கட்டி பாதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள், எப்போது குரல் மாறத் தொடங்கியது, கட்டி அண்மையில் வளர்ந்ததா, விழுங்கக் கஷ்டமா என்ற மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்க வேண்டாம்.

வற்றாப்பளை

நன்றி ஐயா. வளர்ந்த மாதிரித்தான் இருக்கிறது, சட்டைக் கழுத்துப் பொத்தான் பூட்ட முடியவில்லை என்று போன மாதம் சொன்னா. நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

பாலைமரம்

குளக்கட்டு சேர், கீழ் விளிம்புக்கு நன்றி, விழுங்கும் உச்சியில் நுழைப்பது என்று யோசிக்கவில்லை, ஓய்வில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். ஓசையைப் பற்றியும் சொல்லுங்கள். வலப்பக்கம் மட்டும்தான் கேட்டது, அதுதான் குழப்பம். கிரேவ்ஸ் என்றால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டாமா?

ஏ9_பயணி

ஸ்டெதஸ்கோப்பின் டயபிரமால் கேட்டீர்களா, பெல்லாலா? ப்ரூயிக்குப் பெல் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

குளக்கட்டு

பெல்லா டயபிரமா என்று இரண்டு நிபுணர்கள் என் முன்னாலேயே சண்டை பிடித்திருக்கிறார்கள். தாழ்ந்த ஓசைக்குப் பெல் நல்லது. மெல்லிய கழுத்தில் டயபிரம் முழுதாகப் படியாது என்பதாலும் பெல்லை எடுப்பேன். ஆனால் இதைவிட முக்கியமானது கையின் பாரம். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை அழுத்தினால் கரோட்டிட்டை நீங்களே நெருக்கி ஓசையை உண்டாக்குவீர்கள். தோலில் படிந்தால் போதும். மூச்சை வெளியே விட்டுவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள், மூச்சுக்குழாயின் இரைச்சலுக்கு மேலே எந்த ப்ரூயியும் கேட்காது. பத்து வினாடிக்கு மேல் நிறுத்த வைக்காதீர்கள், இந்த அம்மாவுக்கு நாடி 112.

ஓர் இடத்தில் கேட்டதை வைத்து முடிவெடுக்க முடியாது. எங்கே பலமாகக் கேட்கிறது என்பதுதான் பதில். மடலின் மேல் முனையில் தொடங்குங்கள், மேல் தைரொயிட் நாடி நுழையும் இடம் அது, ப்ரூயி இருந்தால் பெரும்பாலும் அங்கே தெளிவாக இருக்கும். அங்கிருந்து தாடை மூலைக்குப் போங்கள். அங்கே இன்னும் பலமாகக் கேட்டால் கரோட்டிட்டைச் சந்தேகியுங்கள். அடுத்து மார்பில், மார்பெலும்புக்கு வலப்பக்கம் இரண்டாவது விலா இடைவெளியில் வையுங்கள். அங்கே பலமாக இருந்தால் இருதயத்திலிருந்து கழுத்துக்கு ஏறி வந்த ஓசை.

கடைசியாகக் காறை எலும்புக்கு மேலே. நான் சந்தேகப்படுவது இதைத்தான், அதுவும் நீங்கள் வலப்பக்கம் மட்டும் என்று சொன்ன பிறகு. இரத்தம் வேகமாக ஓடும்போது கழுத்து நாளத்தில் இடைவிடாத ஒரு ஹம் கேட்கும், வலப்பக்கம் அதிகம், உட்கார்ந்திருந்தால் அதிகம். தைரொயிட் மிதமிஞ்சி வேலை செய்கிறவர்களில் அது நிறையவே கேட்கும், அதனால்தான் ஆளைக் குழப்பும். சோதிக்க வழி சுலபம். பெல்லை அதே இடத்தில் வைத்தபடி, அதற்கு மேலே, பக்கவாட்டுத் தசை ஓரத்தில் மறு கை விரலால் மெல்ல அழுத்துங்கள். நாளம் அடைபட்டதும் ஹம் நின்றுவிடும், ப்ரூயி நிற்காது. படுக்க வைத்தாலும் ஹம் மறையும்.

ஏ9_பயணிக்கு ஒரு வரி. தைரொயிட் மிகை உள்ளவரில் சுரப்பி மேல் உண்மையான ப்ரூயி கேட்டால் கிரேவ்ஸ் என்று பலமாக எண்ணலாம், இரத்தம் அவ்வளவு பாய்கிறது. கேட்காவிட்டால் கிரேவ்ஸ் இல்லை என்று சொல்லக் கூடாது.

ஆனையிறவு

சரி, இவ்வளவு நுணுக்கம் இருக்கிறதென்று ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விரலுக்குத் தப்புவதும் இருக்கிறதே? ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த முடிச்சை யார் தொட்டுக் கண்டுபிடிப்பார்கள்?

குளக்கட்டு

பெரும்பாலும் ஒருவரும் இல்லை, நானும் இல்லை. அதிலும் பின்பக்கம் கிடக்கும் முடிச்சு இரண்டு சென்ரிமீற்றர் ஆனாலும் தப்பிவிடும். அயடீன் போதுமான நாடுகளில் கையால் தொட்டால் நூறு பெண்களில் ஐந்து பேருக்கு, ஆண்களில் ஒருவருக்கு முடிச்சு கிடைக்கும், ஸ்கானில் அதைவிடப் பல மடங்கு. அதில் மிகப் பெரும்பான்மை ஒன்றும் செய்யாதவை. ஸ்கானுக்கு அனுப்புங்கள், நான் எதிர்க்கவில்லை. "கழுத்து வீக்கம், பார்க்கவும்" என்று அனுப்பாமல், எதைத் தேட வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள் என்கிறேன்.

நெறிக்கு வருவோம். இதுதான் அவசரத்தில் விடுபடுவது. தைரொயிட்டைத் தொட்ட கையை எடுக்காமலே பின்னால் நின்றபடி போகலாம். மோவாய்க்குக் கீழே, தாடையோரம், அப்புறம் பக்கவாட்டுத் தசையின் முன் ஓரத்தை மேலிருந்து கீழே. தலையை அந்தப் பக்கம் கொஞ்சம் சரித்து, தசையைப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் கவ்விப் பிடித்தால் அதற்கடியில் ஆழமாகக் கிடப்பவை தட்டுப்படும், மேலால் தடவினால் தட்டுப்படாது. அடுத்து தசைக்குப் பின்னாலுள்ள முக்கோணம், கடைசியாகக் காறை எலும்புக்கு மேல், அங்கே விரலை வைத்துக்கொண்டு ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லுங்கள். குரல்வளைக்கும் கிரிகொயிட்டுக்கும் நடுவில் நடுக்கோட்டிலும் ஒருமுறை தொடுங்கள், அங்கே ஒரு சின்னக் கணு கட்டியிருந்தால் அலட்சியம் செய்ய வேண்டாம்.

வருடங்களுக்கு முன்னால் பார்த்த ஒரு ஆளைச் சொல்கிறேன், பெயர் ஊர் வேண்டாம். முப்பது வயதளவு. வலது கழுத்தில், பக்கவாட்டுத் தசைக்கு அடியில், நடு உயரத்தில் இரண்டு நெறி. சயரோகம் என்று ஒரு இடத்தில் மருந்து தொடங்கியிருந்தார்கள், நமது பக்கத்தில் கழுத்து நெறி என்றால் முதலில் அதுதான் மனதில் வரும், அது பிழையில்லை. ஆனால் சயரோக நெறிகள் பொதுவாக ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும், நாளாக நடுவில் இளகும், சில வேளை தோலைத் திறந்து வடியும். இவருக்கு இரண்டும் தனித்தனியாக, கெட்டியாக. காய்ச்சல் இல்லை, மெலிவு இல்லை, மருந்துக்கும் குறையவில்லை. நெறி விழுங்கும்போது ஏறவில்லை என்பதால் தைரொயிட் பக்கம் யாரும் போகவில்லை. பின்னால் நின்று வலது மடலில் விரலை வைத்து விழுங்கச் சொன்னபோது பட்டாணி அளவில் ஒரு கல் விரலைக் கடந்து போனது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் நெறியிலேயே பப்பிலரி புற்றுநோய். சுரப்பியில் அவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு கழுத்தில் முதலில் காட்டுவது அந்த நோயின் வழக்கம். அதனால் பக்கக் கழுத்தில் காரணம் தெரியாத நெறி என்றால் தைரொயிட்டைத் தொடாமல் விடக் கூடாது.

பாலைமரத்தின் நோயாளிக்கு இது பொருந்தும் என்று சொல்லவில்லை. தாடை மூலைக்குக் கீழே, பயற்றங்கொட்டை அளவு, மென்மையாக உருளுமென்றால் அது பெரும்பாலும் பல்லோ தொண்டையோ. வாயைத் திறந்து பார்த்தீர்களா?

பாலைமரம்

இன்று திரும்ப வரச் சொல்லிப் பார்த்தேன். வாயைப் பார்க்கவில்லை முன்னர், இன்று பார்த்தேன், இடது கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்து, முரசு வீங்கியிருக்கிறது. வெற்றிலை போடுகிறவர், கன்னத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன், புண் ஒன்றும் தட்டுப்படவில்லை. நெறி மென்மை, உருளுகிறது, தொட்டால் கொஞ்சம் நோகிறது என்றார். கழுத்தில் வேறு எங்கும் இல்லை. பல் வைத்தியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இடது மடலின் கீழ் விளிம்பு இந்த முறை பிடிபட்டது. விழுங்கும் உச்சியில் விரல் தாராளமாக நுழைந்தது. கையைத் தூக்க வைத்தும் பார்த்தேன், முகத்தில் மாற்றமில்லை.

ஓசைதான் வேடிக்கை. காறை எலும்புக்கு மேலே பலமான ஹம், நீங்கள் சொன்ன மாதிரி மெல்ல அழுத்தியதும் சட்டென்று நின்றது. அப்படியே விட்டிருப்பேன், ஆனால் அழுத்தியபடியே பெல்லை வலது மடலின் மேல் முனைக்கு நகர்த்தினால் அங்கே வேறொன்று, மெல்லியதாக, நாடியோடு சேர்ந்து வந்து வந்து போகிறது. தாடை மூலையில் கேட்கவில்லை, மார்பிலும் கேட்கவில்லை. இடப்பக்க மேல் முனையிலும் கேட்ட மாதிரி இருந்தது, அதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை.

மிஸ்ஸிஅக்கா

பல் வைத்தியருக்கு எழுதினீர்களென்றால் நாடி 112 என்பதையும் சேர்த்து எழுதினீர்களா? இந்த ஆட்களுக்கு அட்ரீனலீன் கலந்த விறைப்பு ஊசி போடுவதற்கு முன் அவர்கள் யோசிக்க வேண்டும். ரிஎஸ்எச் முடிவு வரும் வரைக்கும் பல்லைப் பிடுங்குவதைத் தள்ளி வைக்கவும் கூடும்.

பாலைமரம்

எழுதவில்லை அக்கா. இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

ஏ9_பயணி

அப்படியென்றால் ஹம்மும் ப்ரூயியும் இரண்டும் ஒரே ஆளில்? அப்படி வருமா?

குளக்கட்டு

ஏன் வராது, இரண்டுக்கும் காரணம் அதே வேகமான இரத்த ஓட்டம்தான். பலமானது மெலிந்ததை மறைத்துவிடுகிறது, ஹம்மை நிறுத்தினால்தான் மற்றது கேட்கும். நிபுணருக்கு எழுதும்போது "ப்ரூயி உண்டு" என்று மட்டும் எழுதாமல், எங்கே கேட்டது, எங்கே கேட்கவில்லை, அழுத்தினால் என்ன ஆனது என்று எழுதுங்கள்.

பாலைமரம்

ஒரு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். ரிஎஸ்எச் அளவிட முடியாத அளவுக்குக் குறைவு, தைரொக்சின் கூடியிருக்கிறது. நிபுணர் சுரப்பியின் அளவில் என்னோடு ஒத்துப்போனார், கீழ் விளிம்பிலும்தான். ஓசையை அவர் கேட்கவில்லை, "எனக்கு ஒன்றும் இல்லையே" என்றார். நாடி இப்போது 84, படபடப்புக்கு ப்ரோப்ரனலோல் தொடங்கி ஆறு நாள். மருந்தால் ஓசை அடங்கியதா, நான் இல்லாததைக் கேட்டேனா என்று தெரியவில்லை. கிரேவ்ஸ் என்றே எடுத்துச் சிகிச்சை தொடங்கியிருக்கிறார், எதிர்ப்பொருள் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்.

குளக்கட்டு

மருந்தால் ஓட்டம் குறைந்து ப்ரூயி மங்குவது நடக்கக் கூடியதுதான், ஆனால் அதுதான் நடந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கிளினிக் சத்தத்தில் மெல்லிய ப்ரூயி தப்புவதும் வழக்கம். எதிர்ப்பொருள் முடிவு வரட்டும். நெறியை மூன்று நான்கு கிழமையில் திரும்பத் தொடுங்கள், பல் சரியான பிறகும் இருந்தால், அல்லது கெட்டியானால், ஊசி போட்டுப் பார்க்க அனுப்புங்கள்.

வற்றாப்பளை

அம்மாவைக் காட்டினோம். குரல்நாணைக் கமரா விட்டுப் பார்த்தார்கள், ஒரு பக்கம் அசையவில்லையாம். ஸ்கானுக்கும் ஊசிப் பரிசோதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கு வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி போடுவதற்கு முன் சாப்பிடாமல் போக வேண்டுமா?

மிஸ்ஸிஅக்கா

வழக்கமாகத் தேவையில்லை, காலையில் சாப்பிட்டுவிட்டே கூட்டிக்கொண்டு போங்கள், தூரப் பயணம். அம்மா இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினோ வேறு மாத்திரையோ குடிக்கிறா என்றால் போகும் முன்னமே அந்தக் கிளினிக்குக்கு அழைத்துக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பழைய கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.